பர்ஸில் ஒரு நோட்டு குறைந்தது

பஸ் ஸ்டாண்டில் கிடந்த பர்ஸைக் கண்டெடுக்கும் சிறுமியின் கதை எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அது இப்படிப் போகும்: பர்ஸ் நிறையப் பணம். சிறுமி ஒரு நொடிகூட யோசிக்காமல் உரியவரிடம் ஒப்படைக்கிறாள். அவர் பெரிய பணக்காரர். அவளுடைய படிப்புச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகச் சொல்கிறார். கூடியிருந்தவர்கள் கைதட்டுகிறார்கள். கடைசி வரியில் நீதி.

இரண்டாம் வகுப்புக் குழந்தை இதை ஆர்வமாகத்தான் கேட்கும். ஆனால் நேர்மையைப் பற்றி அதற்கு இந்தக் கதையிலிருந்து கிடைப்பது மிகக் குறைவு. யோசிக்கவே செய்யாத சிறுமி அதன் தோழி ஆக மாட்டாள். பணக்காரர் தரும் பரிசோ கதையின் மையத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆற்றில் கோடரியைத் தவறவிட்ட விறகுவெட்டியின் கதையைச் சொல்லி முடித்ததும் குழந்தைகள் பேசுவது தங்கக் கோடரியைப் பற்றித்தான். உண்மை சொன்னால் தங்கம் கிடைக்கும் என்று புரிந்துகொண்ட பிள்ளை, தங்கம் கிடைக்காத நாளில் என்ன செய்யும்?

பரிசைக் காட்டுவது ஒரு வழி என்றால், தண்டனையைக் காட்டிப் பயமுறுத்துவது இன்னொரு வழி. ‘புலி வருது’ என்று ஏமாற்றிய சிறுவனைக் கடைசியில் உண்மையிலேயே புலி அடித்துவிடும். பொய்க்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. அதனால் இந்தக் கதைதான் பலமாக வேலை செய்யும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காங் லீ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுடன் ஒரு விளையாட்டு. முதுகுப் பக்கம் ஒரு பொம்மையை வைத்துச் சத்தம் எழுப்புவார்கள். அது என்ன பொம்மை என்று திரும்பாமல் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ஆய்வாளர், “நான் வரும்வரை திரும்பிப் பார்க்காதே” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். பல பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். அந்த வயதில் அது இயல்பு. அவர் வந்ததும் ஒரு கதை வாசிப்பார். பிறகு, “திரும்பிப் பார்த்தாயா?” என்று கேட்பார்.

ஒரு குழுவுக்கு ஆமை முயல் கதை. அதில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. மற்ற குழுக்களுக்கு, பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ, நமது புலி கதையின் மூலமான ஓநாய்க் கதை, அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அதை ஒப்புக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் கதை. மூக்கு நீண்டதும் ஓநாய் வந்ததும் ஆமை முயல் கதையைவிட அதிகமாக எந்தப் பிள்ளையையும் உண்மை பேச வைக்கவில்லை. வாஷிங்டன் கதை கேட்டவர்களிடம் மட்டும் ஒப்புக்கொள்ளும் போக்கு கூடியது. ஆய்வாளர்கள் அதோடு நிற்காமல் அந்தக் கதையின் முடிவை மாற்றி, சிறுவனுக்குக் கெட்டது நடப்பதாகச் சொல்லிப் பார்த்தார்கள். பலன் காணாமல் போய்விட்டது.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். கதை முடிந்த கையோடு கேட்ட ஒரே ஒரு கேள்விக்கு வந்த பதில் இது. ஒரு கதை ஒரு பிள்ளையை ஆயுளுக்கும் நேர்மையானவராக்கிவிடும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கைப்பிடியைத் தருகிறது. பலன் தந்த கதையில் சிறுவன் உத்தமன் இல்லை. தப்புச் செய்கிறான், பயப்படுகிறான், சொல்லிவிடுகிறான், சொன்ன பிறகும் அப்பாவின் அன்பு அவனுக்கு இருக்கிறது.

பர்ஸ் கதையை இந்த வழியில் எழுதிப் பார்க்கலாம். எழுதுவதற்கு முன்னால் சில முடிவுகளை எடுக்க வேண்டும்.

முதலில், பர்ஸுக்குள் என்ன இருக்கிறது? கட்டுக்கட்டாகப் பணம் வைத்தால் அது ஏழு வயதின் எண்ணிக்கைக்குள் வராது; இருபதாயிரம் ரூபாயும் இரண்டு லட்சமும் அந்த வயதுக்கு ஒன்றுதான். குழந்தை தன் விரலால் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகை வேண்டும். ஐந்து பத்து ரூபாய் நோட்டு போதும். ஒரு நோட்டுக்கு என்ன வாங்கலாம் என்று அதற்குத் தெரியும்; ஆசையும் அந்த அளவில்தான் வரும்.

பணத்தோடு ஒரு சாவியும் இருக்கட்டும். 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வுக்காக, 40 நாடுகளின் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, விடுதி, காவல் நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில், “தெருவில் கிடந்தது” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. உரியவரைத் தேடித் தொடர்புகொண்டவர்கள், பணமில்லாத பர்ஸுக்குச் சுமார் 40 விழுக்காடு. பணம் இருந்த பர்ஸுக்கு 51 விழுக்காடு. பணம் இருந்தால் அமுக்கிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக நடந்தது. அதே ஆய்வில், சாவி இருந்த பர்ஸ்கள் சாவி இல்லாதவற்றைவிட அதிகமாகத் திரும்பி வந்தன. சாவி எடுத்தவருக்கு உதவாது. தொலைத்தவருக்கு அது இல்லாமல் முடியாது. பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பது என்னவென்று ஏழு வயதுக்கும் நன்றாகத் தெரியும் என்பதால், தொலைத்தவரின் தவிப்பைக் காட்டப் பணத்தைவிடச் சாவி நல்ல வழி.

தொலைத்தவரைப் பரம ஏழையாக்கி, அறுவைச் சிகிச்சைக்கு வைத்திருந்த பணம் என்று எழுதுவது நம் கதைகளில் அதிகம். அப்படி எழுதினால், பாவப்பட்டவர்களுக்குத்தான் திருப்பித் தர வேண்டும் என்ற எண்ணம் படியக்கூடும். சாதாரணமான ஓர் அத்தை போதும். பஸ்ஸுக்குக் காசில்லாமல் அவர் அழுவதாகவும் எழுத வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவோடு அதில் போய்வரும் பிள்ளை, “ஏன் அழுறாங்க? சும்மாவே போகலாமே!” என்று கேட்டுவிடும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் கதையின் மீது நம்பிக்கை போய்விடும்.

அப்புறம் பாதுகாப்பு. கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடக்கூடாது, தெரியாதவர் பின்னால் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம். கதையில் அவள் தனியாகப் பர்ஸைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் ஓடினால், நேர்மையைச் சொல்லிக்கொடுக்கப் போய் ஆபத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுவோம். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பர்ஸ் போய்ச் சேர வேண்டிய இடம் பஸ் ஸ்டாண்டின் டைம் கீப்பர் அறை. அங்கே மைக் இருக்கும்.

இனி கதை. மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் பஸ் ஸ்டாண்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

கயலுக்கு ஏழு வயது. அவளும் அப்பத்தாவும் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். அப்பத்தா பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கயல் காலை ஆட்டினாள். செருப்பு கழன்று பெஞ்சுக்கு அடியில் விழுந்தது.

எடுக்கக் குனிந்தாள். அங்கே ஒரு பச்சை பர்ஸ் கிடந்தது.

திறந்து பார்த்தாள். சிவப்பு நூல் கட்டிய ஒரு சாவி. ஐந்து பத்து ரூபாய் நோட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

“பீ... பீ...” என்று சத்தம் கேட்டது. பலூன்காரர் வந்தார். அவரிடம் ஊதல் வைத்த மஞ்சள் பலூன் இருந்தது. விலை பத்து ரூபாய். காலையில் கேட்டபோது அப்பத்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கயல் ஒரு நோட்டை எடுத்தாள். சின்னதாக மடித்தாள். கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். பிறகு, “அப்பத்தா, இங்க பாருங்க, ஒரு பர்ஸ்!” என்றாள்.

“அடடா, யாரு தொலைச்சாங்களோ! வா, டைம் கீப்பர் ஐயாகிட்ட குடுத்துருவோம்” என்று அப்பத்தா எழுந்தார்.

டைம் கீப்பர் ஐயா பர்ஸை வாங்கி மேசையில் வைத்தார். மைக்கைப் பிடித்தார். “பச்சை பர்ஸைத் தவறவிட்டவர் டைம் கீப்பர் அறைக்கு வரவும்!” பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

ஓர் அண்ணன் வந்தார். “என்னோட பர்ஸ்தான்” என்றார்.

“உள்ளே என்ன இருக்கு?” என்று டைம் கீப்பர் ஐயா கேட்டார்.

“பணம்.”

“பணத்தோட வேற என்ன?”

அண்ணனுக்குச் சொல்லத் தெரியவில்லை. போய்விட்டார்.

அடுத்து ஓர் அத்தை மூச்சு வாங்க ஓடி வந்தார். “ஐயா, சிவப்பு நூல் கட்டின வீட்டுச் சாவி இருக்கும். அது இல்லாம நான் வீட்டுக்குள்ளயே போக முடியாது. அஞ்சு பத்து ரூபாயும் இருக்கும்” என்றார்.

டைம் கீப்பர் ஐயா திறந்தார். சாவி இருந்தது. நோட்டை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

“நாலுதான் இருக்கு, தாயி.”

அத்தை யோசித்தார். “அப்படியா? டீ குடிச்சேனோ என்னமோ. ஞாபகம் இல்ல. போகட்டும், சாவி கிடைச்சதே பெரிசு.”

யாரும் கயலைப் பார்க்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கைக்குள் இருந்த நோட்டு வேர்வையில் நனைந்திருந்தது. வெளியே, “பீ... பீ...” என்று ஊதல் சத்தம்.

கயல் கையை நீட்டினாள். விரலைத் திறந்தாள்.

“நீங்க டீ குடிக்கல, அத்தை. நான்தான் எடுத்தேன்.”

அத்தை நோட்டைப் பார்த்தார். கயலைப் பார்த்தார். “அப்போ அஞ்சுன்னு நான் சொன்னது சரிதான். எனக்குத்தான் மறதி வந்துருச்சோன்னு நெனச்சேன். சொன்னதுக்கு நன்றிம்மா” என்று வாங்கிக்கொண்டார். சாவியைக் கையில் பிடித்தபடி வீட்டுக்குப் போனார்.

பஸ் வந்தது. அப்பத்தா ஏறினார். கயல் பின்னால் ஏறினாள். கயல் அப்பத்தாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“எடுத்தது தப்பு” என்றார் அப்பத்தா.

“ம்.”

“யாரும் கேக்காமயே சொன்னியே, அது அப்பத்தாவுக்கு ரொம்பச் சந்தோஷம். வா, ஜன்னல் பக்கம் உக்காரு.”

கயல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

கதை இவ்வளவுதான், வாசித்துக்காட்ட ஐந்து நிமிடம் ஆகும். இதில் இரண்டு விதமான நேர்மை இருக்கிறது. பர்ஸை ஒப்படைப்பது ஒன்று. எடுத்ததை ஒப்புக்கொள்வது இன்னொன்று. முதலாவதைச் செய்யும்போது எல்லாரும் பார்க்கிறார்கள், பாராட்டுகிறார்கள். ஏழு வயதில் உண்மையிலேயே கடினமானது இரண்டாவதுதான். பள்ளியில் பென்சில் தொலைவது, தம்பியின் பங்கைத் தின்றுவிடுவது, கண்ணாடி டம்ளரை உடைப்பது என்று அன்றாடம் குழந்தையின் வாழ்க்கையில் நடப்பதும் அதுதான். கண்டெடுத்த பர்ஸ் வருடக்கணக்கில் ஒருமுறைகூட எதிரில் வராமல் போகலாம்.

கதையின் உச்சம், அத்தை தானாகவே, “டீ குடிச்சேனோ என்னமோ” என்று சொல்லும் இடம். எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். டைம் கீப்பர் கயலை முறைத்துப் பார்ப்பதாகவோ, அப்பத்தா சந்தேகத்தோடு கையைப் பிடித்துத் திறப்பதாகவோ எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் அவள் மாட்டிக்கொண்டதால் சொன்னாள் என்றாகிவிடும். தப்பிக்க வழி அகலமாகத் திறந்திருக்கும்போது சொன்னால்தான் அது அவளுடைய செயல். அதோடு, அவள் பேசாமல் இருந்திருந்தால் அத்தைக்குப் போயிருப்பது பத்து ரூபாய் மட்டுமல்ல. தன் ஞாபகத்தின் மீதிருந்த நம்பிக்கையும் போயிருக்கும். பொய் அடுத்தவரை என்ன செய்கிறது என்பதை விளக்கம் சொல்லாமலே காட்ட இந்த வரி உதவுகிறது.

அத்தை பரிசு தரவில்லை. பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, “நீயே வச்சுக்கோ, பலூன் வாங்கிக்கோ” என்று அவர் சொன்னால் என்ன என்று சில பெற்றோருக்குத் தோன்றலாம். நான் அதை எழுத மாட்டேன். பலூன் கைக்கு வந்துவிட்டால், அடுத்த முறை சொல்லும்போது குழந்தை பலூனை எதிர்பார்க்கும். ஆனால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று விட்டாலும் தவறு. வாஷிங்டன் கதையின் முடிவை மாற்றியதும் பலன் போனது நமக்குத் தெரியும். குழந்தைக்குத் தெரிய வேண்டியது, சொன்ன பிறகும் நான் இவர்களுடைய பிள்ளைதான் என்பது. அதற்காகத்தான் அப்பத்தா எடுத்ததைத் தப்பு என்று தனியாகவும், சொன்னதைச் சந்தோஷம் என்று தனியாகவும் சொல்கிறார். ஜன்னலோர இடம் வழக்கம்போல அவளுக்குக் கிடைத்துவிடுகிறது.

பாத்திரங்கள் மனிதர்களாக இருப்பதும் வேண்டியே செய்தது. டொரண்டோவிலேயே நடந்த இன்னோர் ஆய்வில், பகிர்ந்து கொடுப்பதைப் பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும், ஆடை அணிந்து பேசும் விலங்குகளோடும் நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். மனிதர்கள் வந்த கதையைக் கேட்டவர்கள் பிறகு அதிகமாகப் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு நரிக்குட்டி பர்ஸ் எடுப்பதாக எழுதினால் படம் அழகாக வரும். பலூனும் அப்பத்தாவும் இருக்கும் கதையில் பிள்ளை தன்னைக் காண்பதுபோல அதில் காணாது.

கதை சேர்ந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? “இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?” என்ற கேள்வி உதவாது. அதற்கு என்ன பதில் சொன்னால் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். “பொய் சொல்லக் கூடாது” என்று ஒப்பித்துவிடுவார்கள். டார்சியா நார்வாயஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதைகள் கொடுத்துச் சோதித்தபோது, கதாசிரியர் நினைத்த நீதியைப் பெரும்பாலான பிள்ளைகளால் பிரித்தெடுக்க முடியவில்லை. கதையின் சம்பவம் மனதில் நிற்கும். பொதுவான கருத்து பிறகு மெல்ல வரும். அதனால் சம்பவத்தைப் பற்றியே கேட்கலாம்: “டீ குடிச்சேனோ என்னமோன்னு அத்தை சொன்னப்போ கயலுக்கு எப்படி இருந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். “அப்பாடான்னு இருந்திருக்கும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அது நேர்மையான பதில். அதைத் திருத்த வேண்டாம். “அப்புறம் ஏன் சொன்னா?” என்று மட்டும் கேளுங்கள். “இல்லேன்னா போலீஸ் பிடிச்சிருக்கும்” என்று பதில் வந்தால், பிள்ளை இன்னும் தண்டனையின் பக்கமிருந்துதான் கதையைப் பார்க்கிறது என்று அர்த்தம். அது தோல்வி இல்லை. சில நாள் கழித்து மறுபடி வாசிக்கலாம். அத்தையைப் பற்றிய பேச்சு தானாக வந்தால் கதை உள்ளே போயிருக்கிறது.

போலீஸ் என்று பிள்ளை சொல்வதில் முழுப் பிழையும் இல்லை. கீழே கிடந்த பொருளை உரியவரிடம் சேர்க்க எடுத்து வைத்திருப்பது குற்றமில்லை. உரியவரைத் தெரிந்திருந்தும், அல்லது கண்டுபிடிக்க வழி இருந்தும் முயலாமல் தனதாக்கிக்கொள்வது குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இது 403. அதே சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றும், ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருப்பவர்களுக்கு, தான் செய்வது என்னவென்று புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. கயல் அந்த எல்லையில் நிற்கிறாள். இதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் மறுபடியும் பயமுறுத்தல்தான். கதை சொல்லும் பெரியவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கதையைக் கேட்ட பிள்ளை நிச்சயம் கேட்கப்போகும் இன்னொரு கேள்வி உண்டு: “அத்தை வரவே இல்லைன்னா அந்தப் பர்ஸை என்ன பண்ணுவாங்க? கயலுக்குக் கொடுத்துருவாங்களா?” மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். டைம் கீப்பர் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பார். எழுதி வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பார்கள். உரியவர் வருகிறாரா என்று ஆறு மாதம் காத்திருப்பது வழக்கமான நடைமுறை. அதன் பிறகும் யாரும் வராவிட்டால் அது அரசாங்கத்துக்குப் போகும். கயலுக்கு வராது.